‘பிஎல்சிக்கு மலிவான மாற்று’ என்னும் முடிவுரையைப் பற்றி

இந்தியப் பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டுத் திட்ட அறிக்கைகளில் ஒரு முடிவுரை ஆண்டுதோறும் பெயர் மாறி வந்துகொண்டே இருக்கிறது. சிறு பட்டறைகளால் பிஎல்சி வாங்க இயலாது. ஆர்டுயினோ போன்ற நுண்கட்டுப்படுத்திப் பலகை அதே வேலையை மிகக் குறைந்த செலவில் செய்கிறது. ஆகவே இது பிஎல்சிக்கு மலிவான மாற்று. இந்த முடிவுரைக்கு முன்னால் ஓர் அட்டவணை இருக்கும். ஒரு பக்கம் பிஎல்சியின் விலை சில ஆயிரம் ரூபாய், மறுபக்கம் பலகையின் விலை சில நூறு ரூபாய். அட்டவணை பொய்யன்று. அது ஒப்பிட வேண்டியதை ஒப்பிடவில்லை என்பதே குற்றச்சாட்டு.

கட்டுப்பாட்டுக் கருவி ஒழுங்காக வேலை செய்யும் நேரத்தில் இரண்டுக்கும் வேறுபாடு ஏதும் இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு சிலிண்டர் இறங்க வேண்டும், மூன்று விநாடி கழித்து ஏற வேண்டும் என்றால் எட்டு பிட் நுண்கட்டுப்படுத்தியே அதற்கு மிகை. கேள்வி அங்கே இல்லை. கருவி தவறும்போது இயந்திரம் எந்த நிலைக்குச் செல்கிறது, அந்தத் தவற்றை யாரால் கண்டுபிடிக்க முடியும் என்ற இரண்டில்தான் வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது. திட்ட அறிக்கைகள் இந்த இரண்டையும் சோதிப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்பது பயன் தரும். பெங்களூரின் பீனியாவிலோ புணே அருகிலுள்ள போசரியிலோ ஐந்தாறு பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையை எண்ணிக்கொள்ளலாம். அங்கே காற்றழுத்தத்தால் இயங்கும் ஒரு சிறு பிரஸ். சிலிண்டரின் விட்டம் 63 மி.மீ., காற்றழுத்தம் 6 பார். கணக்கிட்டால் இறங்கும் விசை ஏறத்தாழ 1870 நியூட்டன். அதாவது 190 கிலோ எடையை விரலின்மேல் வைத்ததற்குச் சமம். சிலிண்டருக்குக் காற்றைத் திருப்பிவிடுவது ஒரு சோலனாய்டு வால்வு. மின்சாரம் வந்தால் சிலிண்டர் இறங்கும். மின்சாரம் நின்றால் வால்வின் ஸ்பிரிங் அதை மேலே திருப்பும். இந்த வால்வை ஒரு ரிலே பலகை வழியாக ஆர்டுயினோ இயக்குகிறது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் நீலநிற ரிலே பலகைகளில் பெரும்பாலானவை உள்ளீடு தாழ்நிலைக்கு வந்தால் இயங்குபவை: `LOW` என்றால் ரிலே பிடிக்கும், `HIGH` என்றால் விடும்.

மாணவர் எழுதும் நிரலின் தொடக்கம் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```
void setup() {
  pinMode(7, OUTPUT);
  lcd.begin(16, 2);
  lcd.print("WELCOME");
  delay(2000);
  digitalWrite(7, HIGH);
}
```

படிப்பதற்கு இதில் பிழை தெரியாது. ஆயினும் முதல் வரியிலேயே பிரஸ் இறங்கிவிடுகிறது. ஆர்டுயினோ ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சில்லில், ரீசெட் ஆனவுடன் எல்லாக் கால்களும் உள்ளீடாக இருக்கும்; அவற்றின் வெளியீட்டுப் பதிவேட்டில் பூஜ்யம் இருக்கும். ஒரு காலை வெளியீடு என்று அறிவித்த கணமே அந்தப் பூஜ்யம் வெளியே வரும். பூஜ்யம் என்றால் `LOW`. `LOW` என்றால் ரிலே பிடிக்கும். அடுத்து வரவேற்புச் செய்தி இரண்டு விநாடி திரையில் நிற்கிறது. அந்த இரண்டு விநாடியும் வால்வு திறந்திருக்கிறது. கடைசி வரியில்தான் ரிலே விடுகிறது.

ஆய்வகத்தில் இது ஏன் கண்ணில் படவில்லை? அங்கே ஏழாம் காலில் இருந்தது ஓர் எல்இடி விளக்கு. இயக்கியதும் அது இரண்டு விநாடி எரிந்து அணைந்தது. அதை எல்லோரும் தொடக்கச் சைகை என்று எடுத்துக்கொண்டனர். பட்டறையிலும் முதலில் தெரியாது. காலையில் மின்சாரத்தைப் போட்ட பிறகுதான் கம்ப்ரஸரை ஓட்டுவார்கள். பலகை உயிர்பெறும்போது குழாயில் காற்று இல்லை. ரிலே ‘டிக்’ என்று ஒலித்து அடங்குகிறது. வாரக்கணக்கில் இப்படியே ஓடும்.

பிறகு ஒருநாள், வேலை நடுவில், பலகை தானாக ரீசெட் ஆகிறது. காரணம் எளியது. அதே மின்தடத்தில் உள்ள கம்ப்ரஸர் மோட்டாரின் கான்டாக்டர் விடும்போது அதன் சுருளில் சேர்ந்திருந்த காந்த ஆற்றல் ஒரு மின்னழுத்தத் துள்ளலாக வெளியேறுகிறது. சுருளின் குறுக்கே அடக்கி இணைக்கப்படவில்லை என்றால் இத்துள்ளல் நூற்றுக்கணக்கான வோல்ட்டிலிருந்து ஆயிரம் வோல்ட்டுக்கு மேலும் போகும். பலகைக்கு மின்சாரம் தருவது கைபேசி சார்ஜர். ரிலே பலகையில் ஒளி இணைப்பி இருக்கிறது, ஆகவே மின்பிரிப்பு உண்டு என்று அறிக்கை கூறும். ஆனால் `VCC`, `JD-VCC` என்று குறிக்கப்பட்ட இரு முனைகளையும் இணைக்கும் ஜம்பர் கடையிலிருந்து வந்தபடியே அங்கே இருக்கிறது. அது இருக்கும்வரை ரிலேச் சுருளுக்கும் சில்லுக்கும் ஒரே மின்சாரம்தான். பிரிப்பு என்பது பெயரளவில்தான். 5 வோல்ட் ஒரு கணம் சரிகிறது, சில் ரீசெட் ஆகிறது, `setup()` மீண்டும் தொடங்குகிறது. இப்போது குழாயில் 6 பார் காற்று இருக்கிறது. இயக்குபவர் புதிய தகட்டை அச்சில் வைத்துக்கொண்டிருக்கிறார். எவரும் பொத்தானை அழுத்தவில்லை.

இவ்வகைக் கோளாற்றைக் கண்டுகொள்ள ஓர் அடையாளம் உண்டு. வேலை நடுவே திரையில் `WELCOME` என்ற சொல் தோன்றியிருந்தால் பலகை ரீசெட் ஆகியிருக்கிறது என்று பொருள். ‘சில நேரம் திரை மின்னும், அது ஒன்றும் செய்யாது’ என்று பட்டறையில் எவரேனும் சொன்னால், அந்த இயந்திரத்தை அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும்: இரண்டு வரிகளை இடம் மாற்றினால் போதுமே. உண்மைதான். `digitalWrite(7, HIGH)` என்பதை `pinMode` வரிக்கு முன்னால் எழுதினால் இந்தக் குறிப்பிட்ட பிழை மறைந்துவிடும். ஜம்பரை எடுத்துவிட்டு ரிலேச் சுருளுக்குத் தனி மின்சாரம் கொடுக்கலாம். கான்டாக்டர் சுருளின் குறுக்கே மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்த அடக்கியை இணைக்கலாம். சார்ஜருக்குப் பதிலாகத் தொழிற்சாலைக்கு உரிய மின்வழங்கியை வைக்கலாம். வாட்ச்டாக் டைமரை இயக்கலாம். அந்தச் சில்லிலேயே அது இருக்கிறது. இவையனைத்தையும் செய்து முடித்தவர் என்ன செய்திருக்கிறார்? ஒரு பிஎல்சியின் பாதியைத் தம் கையால் கட்டியிருக்கிறார். ஆனால் விலை அட்டவணையில் இன்னும் பழைய சில நூறு ரூபாயே நிற்கிறது. அந்தப் பாதியைக் கட்டும் அறிவு உள்ளவருக்கு மட்டுமே பலகை மலிவு. அந்த அறிவு இல்லாதவருக்கு அது விலை தெரியாத கடன்.

பிஎல்சி இதே இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது? மின்சாரம் வந்ததும் அதன் வெளியீடுகள் அனைத்தும் அணைந்த நிலையில் இருக்கும். அது முதலில் உள்ளீடுகளை ஒருசேரப் படிக்கிறது. பிறகு லேடரை மேலிருந்து கீழாகக் கணக்கிடுகிறது. அதன் பின்னரே வெளியீடுகளை ஒருசேர மாற்றுகிறது. இந்தச் சுற்று மில்லி விநாடிகளில் முடிந்து மீண்டும் தொடங்குகிறது. சுற்று ஒன்று குறித்த நேரத்துக்குள் முடியவில்லை என்றால் உள்ளிருக்கும் வாட்ச்டாக் கருவியை நிறுத்திவிடும், வெளியீடுகள் அணையும். வரவேற்புச் செய்தி காட்டுவதற்காக வால்வைத் திறந்தபடி காத்திருக்க இங்கே இடமே இல்லை. நிரல் எழுதுபவரின் நினைவாற்றலை நம்பாமல் அந்த ஒழுங்கு கருவிக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது.

உள்ளீட்டிலும் இதே வேறுபாடு. 24 வோல்ட் உள்ளீடுகளுக்கான ஐ.இ.சி. 61131-2 தரத்தின் முதல் வகைப்படி 15 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் அது ‘உண்டு’. 5 வோல்ட்டுக்குக் கீழே அது ‘இல்லை’. ஊனோ பலகையின் 5 வோல்ட் உள்ளீட்டில் 3 வோல்ட்டிலேயே ‘உண்டு’ ஆகிவிடும். வோல்ட்டைவிட முக்கியமானது மின்னோட்டம். சில்லின் உள்ளே இருக்கும் புல்-அப் மின்தடை 20 முதல் 50 கிலோ ஓம். ஆகவே பொத்தான் வழியாக ஓடுவது கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவு. பிஎல்சி உள்ளீட்டில் சில மில்லி ஆம்பியர் ஓடும். எண்ணெயும் இரும்புத்தூளும் படிந்த காலால் மிதிக்கும் சுவிட்சின் தொடுமுனையில், மெல்லிய ஆக்சைடு படலத்தைக் கடக்க அந்தச் சில மில்லி ஆம்பியர் வேண்டும். கால் மில்லி ஆம்பியர் சில நாள் கடக்கும், சில நாள் கடக்காது. அதே மெல்லிய உள்ளீட்டுடன் பத்து மீட்டர் கம்பியைச் சேர்த்தால், அது பக்கத்து வெல்டிங் இயந்திரத்தின் இரைச்சலையும் பொத்தானின் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

இனி இரண்டாம் கேள்வி: தவற்றைக் கண்டுபிடிப்பவர் யார்? லேடர் தர்க்கத்தைப் பழமையானது என்று நகைக்கும் கணினித் துறையினர் அதன் பிறப்பை நினைவில் கொள்ள வேண்டும். 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, நூற்றுக்கணக்கான ரிலேக்களைக் கொண்ட பேனல்களுக்குப் பதிலாக ஒரு மின்னணுக் கருவியைக் கேட்டது. டிக் மோர்லியும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய மோடிகான் 084 அதற்கு விடையாக வந்தது. ரிலே வரைபடத்தை ஒத்த குறியீட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், தொழிற்சாலையின் மின்பணியாளர்கள் அதை ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவர்கள் என்பதே. கருவி மாறியது, அதைப் பழுதுபார்ப்பவர் மாற வேண்டியிருக்கவில்லை.

இந்தியப் பட்டறைக்கும் இது அப்படியே பொருந்தும். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவில் படித்தவர் மோட்டார் ஸ்டார்ட்டரின் தற்பிடிப்புச் சுற்றைக் கையால் கட்டிப் பழகியவர். லேடரில் அது இப்படித் தெரியும்:

```
   STOP        START           RUN
|---| |---+-----| |-----+------( )---|
          |             |
          |     RUN     |
          +-----| |-----+
```

அவருக்கு இதில் விளக்க ஒன்றும் இல்லை. இரவு பதினொரு மணிக்கு பிரஸ் இறங்கவில்லை என்றால் அவர் பேனலைத் திறக்கிறார். பிஎல்சியின் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் ஒரு சிறு விளக்கு உண்டு. மிதிசுவிட்சை மிதித்தும் விளக்கு எரியவில்லை என்றால் கோளாறு சுவிட்சிலோ கம்பியிலோ. உள்ளீடு எரிந்தும் வெளியீடு எரியவில்லை என்றால் ஏதோ நிபந்தனை நிறைவேறவில்லை. வெளியீடும் எரிகிறது என்றால் பார்க்க வேண்டியது வால்வை. மடிக்கணினி இருந்தால் லேடரின் எந்தப் படியில் ஓட்டம் அறுந்திருக்கிறது என்பதைத் திரையிலேயே காணலாம். நுண்கட்டுப்படுத்திப் பலகையில் அவர் காண்பது ஜம்பர் கம்பிகளும், பொருள் தெரியாத ஒரு விளக்கும். நிரலின் மூலம் அதை எழுதிய மாணவரின் கணினியில் இருக்கிறது. மாணவர் படிப்பை முடித்து வேறு ஊரில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். சில்லில் எரிக்கப்பட்ட எண்களிலிருந்து அந்த நிரலை மீட்டெடுப்பது அவருக்கு நடைமுறையில் இயலாது.

இங்கே மறுதரப்பின் வலுவான வாதத்தை மறைக்கக் கூடாது. பேனல் கட்டித் தருவோர் பலர் பிஎல்சியின் நிரலைக் கடவுச்சொல்லால் பூட்டிவிடுகிறார்கள். ஒரு டைமரை மூன்று விநாடியிலிருந்து நான்காக மாற்றவும் பட்டறை உரிமையாளர் அவர்களையே அழைத்துப் பணம் தர வேண்டியிருக்கிறது. சில தயாரிப்பாளர்கள் நிரலாக்க மென்பொருளுக்கே தனி விலை வைக்கிறார்கள். பூட்டிய பிஎல்சி, தொலைந்துபோன ஆர்டுயினோ நிரலைவிடச் சிறந்ததன்று. ஆனால் இது கொள்முதல் ஒப்பந்தத்தில் தீர்க்க வேண்டிய சிக்கல். நிரலும் கடவுச்சொல்லும் அச்சிட்ட லேடர் தாள்களும் பேனல் கதவுக்குள் இருக்க வேண்டும், இல்லையேல் கடைசித் தவணை இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். மென்பொருளை இலவசமாகத் தரும் சிறு பிஎல்சிகளும் இந்தியச் சந்தையில் உண்டு. டெல்டாவின் சிறு வகைகள் அவற்றுள் சில.

பிஎல்சி என்ற பெயரே பாதுகாப்பு என்று எண்ணுவோருக்கும் ஒரு சொல். மேலே காட்டிய லேடரில் `STOP` திறந்த தொடுமுனையாக வரையப்பட்டிருப்பதைப் பார்த்து மாணவர்கள் பலர் குழம்புவார்கள். பொத்தான் இயல்பில் மூடிய வகையாக இணைக்கப்பட்டிருக்கிறது. அழுத்தாதபோது உள்ளீட்டில் 24 வோல்ட் இருக்கிறது. ஆகவே படத்தில் அது திறந்த தொடுமுனை. கம்பி அறுந்தால் 24 வோல்ட் போய்விடும், இயந்திரம் நிற்கும். மாறாக, இயல்பில் திறந்த பொத்தானை இணைத்துவிட்டு லேடரில் மூடிய தொடுமுனையை வரைந்தால் செய்முறைத் தேர்வில் அதுவும் சரியாகவே ஓடும். கம்பி அறுந்த நாளில் மட்டும் நிறுத்து பொத்தானுக்கு உயிர் இருக்காது. முழு மதிப்பெண் பெற்ற அந்த லேடர் மேற்சொன்ன ஆர்டுயினோ நிரலுக்குச் சற்றும் குறையாத ஆபத்து. அதுபோலவே, மின்சாரம் போனாலும் நினைவை இழக்காத பிட்டில் `RUN` நிலையைச் சேமித்தால், மின்சாரம் திரும்பியதும் இயந்திரம் தானே ஓடும். மின்சாரம் மீண்டும் வரும்போது இயந்திரம் எதிர்பாராமல் தொடங்கக் கூடாது என்பது இயந்திரங்களின் மின்னமைப்புக்கான ஐ.இ.சி. 60204-1 தரத்தின் அடிப்படை விதி.

இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். கை உள்ளே செல்லும் பிரஸ்ஸில் பிஎல்சிக்கும் இறுதிச் சொல் இருக்கக் கூடாது. அவசர நிறுத்தம் கம்பி வழியாகவே வால்வின் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். இரு கைப் பொத்தான்களை அரை விநாடிக்குள் ஒருசேர அழுத்தினால்தான் சிலிண்டர் இறங்கும் என்ற நிபந்தனையைப் பாதுகாப்பு ரிலே கவனிக்க வேண்டும். அதன் தொடுமுனை வால்வுக்குத் தொடராக இருக்க வேண்டும். அப்படி அமைத்திருந்தால் மேலே சொன்ன இரண்டு விநாடிப் பிழையில் ரிலே ‘டிக்’ என்றிருக்கும்; பிரஸ் அசைந்திருக்காது. அந்த ரிலேயின் விலையும் திட்ட அறிக்கையின் அட்டவணையில் இல்லை.

நுண்கட்டுப்படுத்திப் பலகைக்குப் பட்டறையில் இடமே இல்லையா? உண்டு. எத்தனை முறை பிரஸ் இறங்கியது என்று எண்ணலாம். அடுப்பின் வெப்பநிலையைப் பதியலாம். மின்நுகர்வை அளந்து உரிமையாளரின் கைபேசிக்கு அனுப்பலாம். பார்ப்பதும் எண்ணுவதும் அதன் வேலை. அது செத்தால் ஒரு நாளின் கணக்கு போகும், விரல் போகாது. ஓப்பன்பிஎல்சி போன்ற திறந்த மென்பொருளால் அதே பலகையில் லேடரையும் ஓட்டலாம். கற்பதற்கு அது மிக நன்று. ஆனால் மொழியை மாற்றுவதால் கால் மில்லி ஆம்பியர் உள்ளீடு மாறிவிடாது. ஆர்டுயினோ நிறுவனமே தொழிற்சாலைக்கென்று ஓப்டா என்ற கருவியை வெளியிட்டபோது 12 முதல் 24 வோல்ட் மின்வழங்கலையும், திருகு முனைகளையும், வலுவான ரிலேக்களையும், லேடர் உள்ளிட்ட ஐ.இ.சி. 61131-3 மொழிகளையும் சேர்த்தது. பழைய பலகையே போதுமென்றால் அந்த உழைப்புக்குத் தேவை என்ன?

ஆகவே, வாய்மொழித் தேர்வில் அமரும் பேராசிரியர்கள் விலை அட்டவணையை மூடிவிட்டு நான்கு சோதனைகளைக் கேட்கலாம். எல்இடியை எடுத்துவிட்டு உண்மையான வால்வை இணைத்து, சிலிண்டர் பாதி வழியில் இருக்கும்போது மின்சாரத்தை நிறுத்திப் போடுக. நிறுத்து பொத்தானின் கம்பியை வெட்டுக. ஒரே மின்தடத்தில் அடக்கி இல்லாத ஒரு கான்டாக்டரை நூறு முறை இயக்கி, ரீசெட் எத்தனை என்று எண்ணுக. கடைசியாக, அந்தக் கருவியை முன்பின் பார்த்திராத ஒரு மின்பணியாளரை அழைத்து, ஒரு கம்பியை மறைவாகக் கழற்றி வைத்து, அவர் அதைக் கண்டுபிடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்க.

இந்த நான்கிலும் தேறும் பலகை எதுவாயினும் அதை மாற்று என்று அழைக்கலாம். அதை எதிர்க்க எவருக்கும் காரணம் இராது. நான்கையும் செய்யாமல் எழுதப்படும் ‘மலிவான மாற்று’ என்ற சொற்களில், மலிவு யாருடைய கணக்கில் சேர்கிறது, விலையை யாருடைய கை கொடுக்கிறது என்பதை அறிக்கையில் கையெழுத்திடும் வழிகாட்டி ஒருமுறை யோசித்தாக வேண்டும்.